மாதாந்திர பட்ஜெட் மாறுபாட்டு ஆய்வும் நிர்வாகத்துக்கான விளக்கக் குறிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாத முடிவில் பேரேடு ஒரு வித்தியாசத்தைக் காட்டுகிறது. உடனே துறைத் தலைவரிடம் காரணம் கேட்டு எழுதிவிடலாமா?

கேட்கலாம். ஆனால் அதற்கு முன்பு அந்த எண் சரிதானா என்பதைக் கணக்குப் பிரிவே பார்த்துவிட வேண்டும். தவறான எண்ணைக் காட்டிக் காரணம் கேட்டாலும் துறைத் தலைவர் ஏதாவது ஒரு காரணம் சொல்லத்தான் செய்வார். அது நம்பும்படியாகவும் இருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் முழுவதும் அதையே தொடர்வோம். ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் அனுப்புகைத் துறைக்கு, மாதம் 5,000 பார்சல்கள், பார்சல் ஒன்றுக்கு 80 என்ற கணக்கில், மாதந்தோறும் 4,00,000 போக்குவரத்துச் செலவு பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிதியாண்டின் ஆறாம் மாதத்தில் பேரேடு காட்டும் செலவு 4,91,000. பாதகமான மாறுபாடு 91,000. அந்த மாதம் உண்மையில் அனுப்பப்பட்ட பார்சல்கள் 5,600.

முதலில் பேரேட்டைத் திறந்து, அந்த மாதத்தில் பதிவான ஒவ்வொரு இன்வாய்ஸும் எந்தத் தேதிகளின் அனுப்புகைக்கு உரியது என்று பார்க்க வேண்டும். இன்வாய்ஸின் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. நம் எடுத்துக்காட்டில் 15,000க்கான ஓர் இன்வாய்ஸ் ஆறாம் மாதத் தேதியோடு வந்திருக்கிறது, ஆனால் அதில் உள்ள பார்சல்கள் எல்லாம் ஐந்தாம் மாதத்தில் அனுப்பப்பட்டவை. ஐந்தாம் மாதக் கணக்கை முடித்தபோது அதைக் கொடுபட வேண்டிய செலவாகப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள். ஆகவே ஆறாம் மாதத்துக்கு உண்மையில் உரிய செலவு 4,76,000, மாறுபாடு 76,000 மட்டுமே.

இந்தத் தவறு முந்தைய மாதத்திலேயே தெரிந்திருக்கும். ஐந்தாம் மாதத்தில் 5,000 பார்சல்களுக்கு 3,85,000 செலவு பதிவாகியிருந்தது, அதாவது பார்சலுக்கு 77. கட்டணமும் குறையவில்லை, பார்சல்களின் வகையும் மாறவில்லை என்றால் 80க்குக் கீழே வர வழியே இல்லை. மாத முடிவில் மொத்தச் செலவை எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை, விடுபட்ட இன்வாய்ஸ்களை அதைப் போல எளிதாகக் காட்டிக்கொடுக்கும் சோதனை வேறில்லை. ஐந்தாம் மாதக் குறிப்பில் அந்த 15,000ஐச் “சேமிப்பு” என்று எழுதியிருந்தால், ஆறாம் மாதக் குறிப்பில் அதை வெளிப்படையாகத் திருத்தியாக வேண்டும்.

இதைத் தவிர வேறு என்ன பதிவுப் பிழைகள் வழக்கமாக வரும்?

மூன்றைச் சொல்லலாம். முந்தைய மாதம் கொடுபட வேண்டிய செலவாக எழுதிய தொகையை இந்த மாதம் எதிர்ப்பதிவு போட்டு நீக்காமல் விட்டால், இன்வாய்ஸ் வந்தவுடன் ஒரே செலவு இரண்டு முறை ஏறிவிடும். ஒரு செலவு மையத்தின் இன்வாய்ஸ் வேறொன்றில் பதிவாகியிருந்தால், இரண்டு துறைகளில் ஏறத்தாழ ஒரே அளவிலான மாறுபாடுகள் எதிரெதிர்த் திசையில் நிற்கும். அப்படி ஒரு ஜோடி கண்ணில் பட்டால் முதலில் பதிவைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது, ஆண்டு முழுவதற்குமான காப்பீட்டுத் தொகை போன்றவற்றை முன்கூட்டிச் செலுத்திய செலவாக வைத்து மாதங்களுக்குப் பிரிக்காமல், பணம் கட்டிய மாதத்திலேயே முழுமையாக எழுதிவிடுவது.

பட்ஜெட் பக்கத்திலும் இதைப் போன்ற ஒரு குறை உண்டு. ஆண்டுத் தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டால் வகுத்திருந்தால், ஒரு குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வரும் செலவு அந்தப் பருவத்தில் பாதகமாகவும் மற்ற மாதங்களில் சாதகமாகவும் தெரிந்துகொண்டே இருக்கும். அது செலவின் கதை அன்று, பட்ஜெட்டை மாதவாரியாகப் பிரித்த விதத்தின் கதை.

“வேலை கூடியது, அதனால் செலவு கூடியது” என்று துறை சொல்கிறது. இதை எப்படிச் சோதிப்பது?

அந்தக் கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். பட்ஜெட்டை உண்மையான எண்ணிக்கைக்கு ஏற்ப மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். 5,600 பார்சல்களுக்குப் பட்ஜெட் விலையான 80 வீதம் 4,48,000 ஆகியிருக்கும். மூல பட்ஜெட்டான 4,00,000க்கும் இதற்கும் உள்ள 48,000 எண்ணிக்கையால் வந்த மாறுபாடு. உண்மைச் செலவான 4,76,000க்கும் 4,48,000க்கும் இடையே மிஞ்சும் 28,000, பார்சல் ஒன்றின் சராசரிச் செலவு 80லிருந்து 85 ஆனதால் வந்தது. ஆக, துறை சொல்வது 76,000இல் 48,000க்கு மட்டுமே பொருந்தும். மீதி 28,000க்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இப்படி எண்ணிக்கையோடு ஏறி இறங்கும் செலவுகளுக்குத்தான் இந்தப் பிரிப்பு பொருந்தும். வாடகைக்கோ மாதச் சம்பளத்துக்கோ இதைச் செய்தால் அர்த்தமற்ற எண்கள்தான் கிடைக்கும். ஒரு பகுதி நிலையாகவும் ஒரு பகுதி எண்ணிக்கையைப் பொறுத்தும் இருக்கும் செலவானால், நிலையான பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியை மட்டும் பிரிக்க வேண்டும்.

சராசரிச் செலவு 80லிருந்து 85 ஆகியிருக்கிறது. போக்குவரத்து நிறுவனம் கட்டணத்தை உயர்த்திவிட்டது என்று எழுதலாமா?

இன்வாய்ஸைப் பார்க்காமல் எழுதக் கூடாது. சராசரி உயர்ந்தால் கட்டணம் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்வதுதான் விளக்கக் குறிப்புகளில் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு.

நம் எடுத்துக்காட்டில் இரண்டு வகை அனுப்புகை உண்டு. சாதாரண அனுப்புகைக்குப் பார்சலுக்கு 70, விரைவு அனுப்புகைக்கு 120. பட்ஜெட் போட்டபோது நூற்றுக்கு 80 சாதாரணம், 20 விரைவு என்று எடுத்துக்கொண்டதால்தான் சராசரி 80 வந்தது. ஆறாம் மாத இன்வாய்ஸ்களில் இரண்டு கட்டணங்களும் அப்படியே இருக்கின்றன, ஆனால் விரைவு அனுப்புகையின் பங்கு 20 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகிவிட்டது. 5,600 பார்சல்களில் 1,120 விரைவாகப் போயிருக்க வேண்டும், போனவை 1,680. கூடுதலாகப் போன 560 பார்சல்களுக்குத் தலா 50 அதிகம் என்றால் 28,000. விட்டுப்போன மீதி எதுவும் இல்லை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியமென்றால், நிர்வாகம் எடுக்கும் நடவடிக்கை அதற்கேற்ப மாறும். கட்டணம் உயர்ந்தது என்று எழுதினால், யாரோ ஒருவர் போக்குவரத்து நிறுவனத்தோடு பேரம் பேசப் போவார். அங்கே பேசுவதற்கு ஒன்றுமில்லை.

சரி, விரைவு அனுப்புகை கூடிவிட்டது. அதை எழுதினால் விளக்கம் முடிந்ததா?

இன்னும் ஒரு படி போக வேண்டும். விரைவு அனுப்புகை கூடியது என்பதும் என்ன நடந்தது என்ற விவரம்தான். ஏன் நடந்தது என்று அது சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் துறைத் தலைவரிடம் பேச வேண்டும், அதுவும் பொதுவாக அன்றிக் குறிப்பாக: “இந்த மாதம் 560 பார்சல்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக விரைவு அனுப்புகையில் போயிருக்கின்றன, பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் வாரங்களில். அப்போது என்ன நடந்தது?”

இப்படிக் கேட்டால் பயனுள்ள விடை வரும். பொதிகட்டும் இயந்திரம் ஒன்று அந்த இரண்டு வாரங்கள் பழுதாகிக் கிடந்தது. பொருட்கள் தாமதமாகத் தயாராயின, வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதி தவறாதிருக்க விரைவு அனுப்புகையைத் தேர்ந்தெடுத்தார்கள். 22ஆம் தேதி இயந்திரம் சரிசெய்யப்பட்டது. ஆகவே செலவு விழுந்தது அனுப்புகைத் துறையின் கணக்கில், காரணம் இருப்பது உற்பத்தியில். குறிப்பில் இதைச் சொல்லாவிட்டால், செய்யாத தவறுக்கு அனுப்புகைத் துறைத் தலைவர் கூட்டத்தில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். 22ஆம் தேதிக்குப் பிந்தைய பார்சல்களில் விரைவுப் பங்கு 20 சதவீதத்துக்குத் திரும்பிவிட்டதா என்று பார்த்தால், சொல்லப்பட்ட காரணம் உண்மைதானா என்பதும் உறுதியாகிவிடும். அதைப் பார்க்காமல் அடுத்தவர் சொன்னதை அப்படியே எழுதுவது விளக்கம் ஆகாது.

தற்காலிக மாறுபாடு, நிரந்தர மாறுபாடு என்கிறார்கள். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

ஒரே ஒரு கேள்வியால் பிரிக்கலாம்: ஆண்டு முடியும்போது இந்தத் தொகை தானாகவே சரியாகிவிடுமா, இல்லையா? நிர்வாகத்துக்கு உண்மையில் தேவைப்படும் விடை இதுதான். போன மாதம் ஏன் கூடியது என்பதில் அவர்களுக்கு ஓரளவுதான் அக்கறை, ஆண்டு இறுதியில் எங்கே போய் நிற்போம் என்பதே கவலை.

நம் 91,000ஐ இந்தக் கேள்வியோடு பார்ப்போம். 15,000 சென்ற மாதத்துக்கு உரியது. ஐந்தாம் மாதத்தில் குறைந்து ஆறாம் மாதத்தில் கூடியதால், ஆண்டின் தொடக்கத்திலிருந்து கூட்டிப் பார்க்கும்போது அதன் விளைவு சுழியம். 28,000 ஒரு முறை மட்டும் நேர்ந்தது. இனி வராது, ஆனால் போன தொகை திரும்பி வரவும் வராது, ஆண்டுக் கணக்கில் அப்படியே நிற்கும். “ஒரு முறை மட்டும்” என்பதைத் “தற்காலிகம்” என்று குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

48,000ஐ இன்னும் பிரிக்க வேண்டும். விற்பனைப் பிரிவைக் கேட்டால், கூடுதலான 600 பார்சல்களில் 400, ஒரு வாடிக்கையாளர் அடுத்த மாதம் வாங்கவிருந்ததை முன்கூட்டியே கேட்டு வாங்கியவை. அடுத்த மாதம் அவ்வளவு குறையும் என்பதால் 32,000 தானாகச் சரியாகிவிடும். மீதி 200 பார்சல்கள் புதிய வாடிக்கையாளர் ஒருவருடையவை, மாதந்தோறும் தொடரும். இந்த மாதம் 16,000, எஞ்சிய ஆறு மாதங்களுக்கு 96,000.

ஆக, முதல் ஐந்து மாதங்களும் திருத்தத்துக்குப் பின் பட்ஜெட்டை ஒட்டியே இருந்தன என்றால், ஆண்டிறுதி மதிப்பீடு 48,00,000க்குப் பதில் 49,40,000. கூடுதல் 1,40,000 எப்படி வருகிறதென்றால், 28,000, இந்த மாதத்து 16,000, இனி வரும் 96,000. பேரேடு காட்டிய 91,000க்கும் இந்த 1,40,000க்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை என்பதைக் கவனிக்கலாம். மாத மாறுபாட்டைப் பன்னிரண்டால் பெருக்கியோ, எஞ்சிய மாதங்களால் பெருக்கியோ ஆண்டிறுதியைச் சொல்வது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு இதுவே சான்று.

இவ்வளவையும் கண்டுபிடித்த பிறகு குறிப்பில் என்ன எழுதுவது?

கண்டுபிடித்த அனைத்தையும் எழுத வேண்டியதில்லை. வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்:

> போக்குவரத்துச் செலவு பட்ஜெட்டைவிட 91,000 (22.8 சதவீதம்) அதிகம். பார்சல்களின் எண்ணிக்கை அதிகரித்ததும் சராசரிச் செலவு உயர்ந்ததும் இதற்குக் காரணம். நிலைமை தொடர்ந்து கண்காணிக்கப்படும்.

இதில் முதல் வாக்கியம் பக்கத்து அட்டவணையிலேயே இருக்கிறது. இரண்டாவது, செலவு கூடியதற்குச் செலவு கூடியதே காரணம் என்கிறது. மூன்றாவதை எந்த மாதத்திலும் அறிக்கையின் எந்த வரிக்கும் எழுதலாம். படித்து முடித்த நிர்வாகியிடம் எல்லாக் கேள்விகளும் அப்படியே இருக்கும். இதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

> போக்குவரத்துச் செலவு (பாதகம் 91,000): 15,000 ஐந்தாம் மாதத்துக்கு உரியது, அப்போது பதிவு விடுபட்டிருந்தது, ஆண்டு மொத்தத்தில் விளைவு இல்லை. 48,000 கூடுதலாக அனுப்பிய 600 பார்சல்களால் வந்தது. அவற்றில் 400 அடுத்த மாத ஆர்டர் முன்கூட்டி வந்தவை (32,000 அடுத்த மாதம் சரியாகும்), 200 புதிய வாடிக்கையாளருடையவை (மாதந்தோறும் 16,000 தொடரும், அதற்கான விற்பனை வருவாயும் உண்டு). 28,000 பொதிகட்டும் இயந்திரம் பழுதான இரண்டு வாரங்களில் விரைவு அனுப்புகையைப் பயன்படுத்தியதால் ஏற்பட்டது. இயந்திரம் 22ஆம் தேதி சரிசெய்யப்பட்டது, மீண்டும் எதிர்பார்க்கவில்லை. ஆண்டிறுதி மதிப்பீடு 49,40,000 (பட்ஜெட்டைவிட 1,40,000 அதிகம்). முடிவு தேவை: புதிய வாடிக்கையாளரின் விலையில் அனுப்புகைச் செலவு சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை விற்பனைப் பிரிவு அடுத்த கூட்டத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும்.

ஒவ்வொரு தொகைக்கும் ஒரு காரணம் இருக்கிறது, தொகைகளைக் கூட்டினால் 91,000 வருகிறது, ஒவ்வொன்றும் தொடருமா தொடராதா என்பது சொல்லப்பட்டிருக்கிறது. கடைசி வரியில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. இதைவிட நீளமாக ஒரு வரிக்கு எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். காரணம் தெரியாத தொகை எஞ்சினால் “விளக்கப்படாதது 4,000” என்று எழுதிவிடுவது, அதை வேறொரு காரணத்துக்குள் திணிப்பதைவிட நேர்மையானது, பாதுகாப்பானதும் கூட.

அறிக்கையின் எல்லா வரிகளுக்கும் இப்படி எழுத நேரமில்லை. எதை விடலாம்?

நிறுவனம் ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ள வேண்டும். சதவீதம் மட்டும் என்றால் சிறிய வரிகள் எல்லாம் வந்து நிற்கும், தொகை மட்டும் என்றால் பெரிய வரிகள் ஒவ்வொரு மாதமும் வரும். இரண்டும் சேர்ந்திருப்பது நல்லது. 5 சதவீதம், 20,000 என்று வைத்துக்கொண்டால், B பட்ஜெட்டாகவும் D மாறுபாடாகவும் உள்ள எக்செல் தாளில் இப்படிக் குறிக்கலாம்:

```
=IF(AND(ABS(D2)>=20000,ABS(D2)>=B2*5%),"விளக்கம்","")
```

வகுக்காமல் பெருக்கியிருப்பதால், பட்ஜெட்டே இல்லாமல் செலவு வந்த வரியிலும் இது பிழை காட்டாது.

ஆனால் மாத எண்ணுக்கு மட்டும் இதைப் போட்டால் ஒன்று தப்பிவிடும். 4,00,000 பட்ஜெட் உள்ள வரி மாதந்தோறும் 12,000 கூடிக்கொண்டே போனால், அது 3 சதவீதம்தான், ஒரு மாதம்கூடக் கண்ணில் படாது. ஆறு மாதத்தில் 72,000 போயிருக்கும், அப்போதும் சதவீதம் அதே 3தான். ஆகவே ஆண்டின் தொடக்கத்திலிருந்து கூட்டிய எண்ணுக்குத் தொகையை மட்டுமே அளவாகக் கொண்டு தனியாக ஒரு சோதனை வைப்பது அவசியம்.

செலவு குறைந்திருந்தால் விளக்கம் தேவையா?

அதே அளவுகோலின்படி தேவை. சாதகமான மாறுபாட்டில் மூன்று வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கக்கூடும்: உண்மையான மிச்சம், தள்ளிப்போன செலவு, பதிவாகாத செலவு. பராமரிப்புச் செலவு 60,000 குறைந்திருக்கிறது என்றால், அந்தப் பராமரிப்பு தேவைப்படவில்லையா, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டதா, செய்து முடித்தும் இன்வாய்ஸ் வரவில்லையா என்று கேட்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் பொதிகட்டும் இயந்திரம் பழுதானதற்கும் பராமரிப்புச் செலவில் தெரியும் சாதகத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று நான் கட்டாயம் பார்ப்பேன். ஒரு வரியின் மிச்சம் இன்னொரு வரியின் செலவாக வெளிப்படுவது அபூர்வம் அன்று.

சம்பளச் செலவிலும் இதே கவனம் வேண்டும். காலியிடம் நிரப்பப்படாததால் வந்த சாதகத்தை, அதே வேலைக்குத் தற்காலிகப் பணியாளர்களை அமர்த்திய செலவோடு சேர்த்தே காட்ட வேண்டும். இரண்டும் வேறு வேறு தலைப்புகளில் இருப்பதால் தனித்தனியே விளக்கப்பட்டு, மிச்சம் மட்டும் நினைவில் நின்றுவிடுகிறது.

பட்ஜெட்டே தவறு, அதை மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள் என்று துறைத் தலைவர்கள் சொல்கிறார்கள்.

பட்ஜெட் தவறாக இருக்கலாம், ஆனால் ஒப்புதல் பெற்ற பட்ஜெட்டை ஆண்டின் நடுவில் மாற்றினால் மாறுபாடு மறைந்துவிடும், அதோடு அது சொல்ல வந்த செய்தியும் போய்விடும். மூல பட்ஜெட்டை அப்படியே வைத்து, புதிய எதிர்பார்ப்பை ஆண்டிறுதி மதிப்பீடு என்ற தனிப் பத்தியில் காட்டுவதே முறை. “பட்ஜெட் போட்டபோது விரைவு அனுப்புகை 20 சதவீதம் என்று எடுத்துக்கொண்டோம், உண்மை நிலை வேறு” என்பது முழுமையான காரணம்தான். அதைக் குறிப்பில் தாராளமாக எழுதலாம், அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்கு உதவும்.

அடுத்த மாதம் இந்தக் குறிப்பை என்ன செய்வது?

அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் ஏழாம் மாதக் கணக்கைத் திறக்க வேண்டும். ஆறாம் மாதக் குறிப்பு சொன்னபடி நடந்தால், ஏழாம் மாதம் 5,000லிருந்து 400 குறைந்து 200 கூடி 4,800 பார்சல்கள் போயிருக்க வேண்டும். செலவு 3,84,000, அதாவது 16,000 சாதகம்.

ஏழாம் மாதச் செலவு சரியாக 4,00,000 என்று வந்தால் அறிக்கையில் மாறுபாடு சுழியமாகவே தெரியும், அளவுகோலும் எதையும் குறிக்காது. ஆனால் எதிர்பார்த்ததைவிட 16,000 கூடியிருக்கிறது. பார்சல்கள் 5,000 என்றால், முன்கூட்டி வந்ததாகச் சொன்ன ஆர்டரில் ஒரு பகுதி உண்மையில் கூடுதல் ஆர்டராகவே இருந்திருக்கலாம், அந்த 32,000 முழுதாகத் திரும்பவில்லை. பார்சல்கள் 4,800 என்றால், சராசரி 83க்கு மேல் நிற்கிறது, விரைவு அனுப்புகையின் பங்கு இன்னும் ஏறத்தாழ 27 சதவீதத்தில் இருக்கிறது, இயந்திரத்தைப் பற்றிச் சொன்ன காரணத்தை மறுபடி விசாரிக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் ஆண்டிறுதி மதிப்பீட்டைத் திருத்தி, சுழிய மாறுபாடு உள்ள அந்த வரிக்கும் ஏழாம் மாதக் குறிப்பில் இடம் கொடுக்க வேண்டும்.